திடீரென்று சிக்னல் போனால்: சிம் ஸ்வாப் மோசடி பற்றிய கேள்விகளும் பதில்களும்

என் சிம் என் போனுக்குள்ளேயே இருக்கிறது. அப்புறம் எப்படி இன்னொருத்தர் என் நம்பரைப் பயன்படுத்த முடியும்?

உங்கள் நம்பர் சிம்முக்குள் இல்லை என்பதுதான் விஷயம். சிம்முக்குள் இருப்பது ஒரு அடையாள எண்ணும் அதற்கான ரகசியச் சாவியும் மட்டுமே. "இந்த 10 இலக்க நம்பருக்கு வரும் அழைப்பை இந்த அடையாள எண் கொண்ட சிம்முக்கு அனுப்பு" என்ற பதிவு ஏர்டெல், ஜியோ போன்ற நிறுவனங்களின் சர்வரில் இருக்கிறது. சிம் தொலைந்தாலோ உடைந்தாலோ புதுசு வாங்கும்போது அதே நம்பர் திரும்பக் கிடைக்கிறதே, அந்தப் பதிவில் அடையாள எண்ணை மாற்றிவிடுவதால்தான் அது நடக்கிறது.

மோசடிக்காரர் செய்வதும் இதையேதான். உங்கள் பெயரில் மாற்று சிம் கேட்கிறார். பதிவு மாறிய நொடியில் அவர் கையில் இருக்கும் சிம் உயிர் பெறுகிறது, உங்களுடையது செத்துப்போகிறது. உங்கள் போனை யாரும் ஹேக் செய்யவில்லை. அதனால் ஆன்டிவைரஸ் போட்டிருந்தாலும் இதில் பயனில்லை.

கடைக்காரர் ஆளைப் பார்க்காமலா டூப்ளிகேட் சிம் கொடுக்கிறார்?

கொடுத்திருக்கிறார்கள். 2017 மே மாதம் ராஜஸ்தானில் நடந்தது நல்ல உதாரணம். ஹனுமான்கட் ஊர்க்காரர் ஒருவரின் நம்பர் வேலை செய்யாமல் போனது. ஏதோ சிம் கோளாறு என்று நினைத்து, கம்பெனி கடைக்குப் போய் புது சிம் வாங்கினார். அதுவும் ஆக்டிவேட் ஆகவில்லை. ஜெய்ப்பூரில் உள்ள கடை வரை போன பிறகுதான் அடுத்த நாள் உயிர் வந்தது. அதற்குள் அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து சுமார் 68 லட்சம் ரூபாய் போயிருந்தது. சரியாகச் சரிபார்க்காமல் அதே மாநிலத்தின் அல்வரில் வேறு ஒருவருக்கு அவருடைய நம்பரில் டூப்ளிகேட் சிம் கொடுக்கப்பட்டிருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது அந்த அலைச்சலைத்தான். "சிம் ஏன் வேலை செய்யவில்லை?" என்று கடை கடையாகக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் பணம் போனது. அந்த நேரத்தில் வங்கிக்கு ஒரு போன் போயிருந்தால் தொகையாவது குறைந்திருக்கும். ஆனால் 2017-ல் அவருக்கு அப்படித் தோன்றாததில் ஆச்சரியமில்லை, இன்றைக்கும் பலருக்குத் தோன்றுவதில்லை.

அதற்குப் பிறகு விதிகள் இறுகியிருக்கின்றன. சிம் மாற்றுவதற்கும், புது இணைப்புக்குச் செய்வது போலவே முழு கேஒய்சி செய்ய வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் மத்திய தொலைத்தொடர்புத் துறை அறிவித்தது. கள்ள ஆதார் அட்டையைக் காட்டிவிட்டு சிம்மோடு கிளம்புவது முன்பு போல எளிதில்லை. ஆனால் கடையில் இருப்பவரே உடந்தை என்றால் விதி எவ்வளவு இறுகினாலும் ஓட்டை இருக்கும்.

கடைக்கே போகாமல் இ-சிம் வழியாகத் திருடுகிறார்களாமே, அது எப்படி?

இ-சிம் என்பது போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிப். பிளாஸ்டிக் அட்டை கிடையாது. ஒரு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் நம்பர் அந்த போனுக்கு வந்துவிடும். மோசடிக்காரருக்குத் தேவை அந்த க்யூஆர் கோடு தன் கைக்கு வருவது. அதற்கு உங்கள் சம்மதம் உங்கள் போனிலிருந்தே போக வேண்டும். ஆகவே உங்களையே செய்ய வைக்கிறார்.

பேச்சு கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: "சார், கஸ்டமர் கேர்ல இருந்து பேசறோம். உங்க சிம் பழசு, கேஒய்சி முடிஞ்சிருச்சு. இன்னைக்கு ராத்திரி கட் ஆயிடும். நான் ஒரு மெசேஜ் அனுப்பறேன், அதை அப்படியே கம்பெனி நம்பருக்கு ஃபார்வேர்ட் பண்ணுங்க." அவர் அனுப்பும் மெசேஜில் ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கும். அது அவருடையது. அதை நீங்கள் ஃபார்வேர்ட் செய்தால் உங்கள் கணக்கில் அவருடைய மின்னஞ்சல் பதிவாகிவிடும். அடுத்து இ-சிம் கோரிக்கை மெசேஜ் ஒன்று. பிறகு கம்பெனியிலிருந்து "இது நீங்கள்தான் கேட்டதா? ஆம் என்றால் 1 அனுப்பவும்" என்று உண்மையான மெசேஜே வரும். அவர் லைனிலேயே இருந்துகொண்டு "1 போடுங்க சார்" என்பார். க்யூஆர் கோடு அவருடைய மின்னஞ்சலுக்குப் போகும்.

நீங்கள் மெசேஜ் அனுப்பிய எண் கம்பெனியின் உண்மையான எண், வந்த பதிலும் உண்மையானது. "ஓடிபி யாருக்கும் சொல்லக் கூடாது" என்பதை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள்கூட இதில் விழுகிறார்கள், ஏனென்றால் இங்கே யாரும் ஓடிபி கேட்கவில்லை. மற்றவர் எழுதிக் கொடுத்த எஸ்எம்எஸ்ஸை உங்கள் சிம்மிலிருந்து எந்த எண்ணுக்கும் அனுப்பாதீர்கள். இந்த வகைக்கு இந்த ஒரு பழக்கமே போதும் என்பது என் கருத்து.

நம்பர் மட்டும் கிடைத்தால் பணம் எடுத்துவிட முடியுமா? பாஸ்வேர்டு வேண்டாமா?

நம்பர் மட்டும் போதாது. ஆனால் பெரும்பாலும் மற்றதெல்லாம் ஏற்கெனவே அவர் கையில் இருக்கும். சிம் மாற்றுவது கடைசிப் படி. அதற்கு முன்பே போலி வங்கி லிங்க், போனில் ஏற்றிய கள்ள ஆப், எங்கோ கொடுத்த ஆதார், பான் நகல் என்று விவரங்களைச் சேர்த்து வைத்திருப்பார். நெட் பேங்கிங் பாஸ்வேர்டு தெரியாவிட்டாலும், "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்பதை அழுத்தி, டெபிட் கார்டு விவரமும் ஓடிபியும் கொடுத்துப் புதுசு வைத்துக்கொள்ள பல வங்கிகளில் வழி இருக்கிறது.

யுபிஐ கொஞ்சம் வேறு மாதிரி. புது போனில் யுபிஐ ஆப் போடும்போது அது உங்கள் சிம்மிலிருந்து வங்கித் தரப்புக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி, நம்பர் அந்த போனில்தான் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளும். சிம் அவரிடம் இருந்தால் இந்தப் படி தாண்டிவிடும். ஆனால் புது யுபிஐ பின் வைக்க, டெபிட் கார்டின் கடைசி 6 இலக்கமும் காலாவதி மாதமும் வேண்டும், இல்லையென்றால் ஆதார் வழி. அதனால்தான் கார்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் "சேமித்து" வைக்காதீர்கள் என்று சொல்வது. அந்தப் படம் ஒன்று போதும், மீதியை சிம் பார்த்துக்கொள்ளும்.

புது சிம்முக்கு 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது என்கிறார்களே. அப்படியானால் ஓடிபி எப்படிப் போகும்?

உண்மைதான். சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வரவும் கூடாது, போகவும் கூடாது என்பது விதி. இருக்கும் பாதுகாப்புகளில் இதுதான் எனக்குப் பிடித்தது. மேலே சொன்ன யுபிஐ சரிபார்ப்பு எஸ்எம்எஸ்கூட போகாதே! உண்மையாகவே சிம் மாற்றியவர்கள் "ஓடிபி வரவில்லை" என்று திட்டிக்கொண்டே ஒரு நாள் காத்திருப்பதும் இதனால்தான்.

ஆனால் தடை எஸ்எம்எஸ்ஸுக்கு மட்டும்தான். அழைப்புகள் உடனே வரத் தொடங்கிவிடும். ஓடிபியைக் குரலில் படித்துக் காட்டும் சேவைகள் இருக்கின்றன. வாட்ஸ்அப்பையும் சில மின்னஞ்சல்களையும் அழைப்பு மூலமாகவே திறக்கலாம். மின்னஞ்சல் போனால் வங்கிக் கடிதங்கள், பழைய ஸ்டேட்மென்ட்கள் எல்லாம் போனது போல.

இன்னொன்று, அந்த 24 மணி நேரம் நீங்கள் கண்டுபிடிப்பதற்கான அவகாசம். வெள்ளிக்கிழமை மாலை 7 மணிக்கு சிக்னல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். "நெட்வொர்க் சரியில்லை, காலையில் பார்க்கலாம்" என்று தூங்கிவிடுகிறீர்கள். சனிக்கிழமை வீட்டு வைஃபையில் வாட்ஸ்அப் வேலை செய்வதால் பெரிதாக உறுத்தவில்லை. கடைக்குத் திங்கள் போய்க்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறீர்கள். சனி மாலை 7 மணிக்குத் தடை நீங்குகிறது. அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு ஓடிபியும் அவருக்குத்தான். ஞாயிறு முழுக்க அவருக்கு நேரம் இருக்கிறது.

வேறு கம்பெனிக்கு போர்ட் செய்து நம்பரைத் திருட முடியாதா?

முன்பு சிம்மை மாற்றிய கையோடு வேறு கம்பெனிக்கு போர்ட் செய்யும் தந்திரம் இருந்தது. 2024 ஜூலை 1 முதல், சிம் மாற்றிய 7 நாட்களுக்குள் போர்ட்டிங் குறியீடு தரக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தடுத்துவிட்டது. நீங்கள் கேட்காமலேயே போர்ட்டிங் குறியீடு எஸ்எம்எஸ்ஸில் வந்தால் மட்டும் உடனே கம்பெனியைக் கூப்பிடுங்கள்.

ராத்திரியில் தொடர்ந்து மிஸ்டு கால் வந்தால் பணம் போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நிஜமா?

மிஸ்டு காலால் எதுவும் போகாது. எடுத்துப் பேசினாலும் போகாது. இந்தப் பயம் மும்பையில் நடந்ததிலிருந்து வந்தது. 2018 டிசம்பர் கடைசியில் மாஹிமைச் சேர்ந்த வியாபாரி ஒருவருக்கு நள்ளிரவை ஒட்டி 6 மிஸ்டு கால்கள் வந்தன. காலையில் பார்த்தால் சிம் வேலை செய்யவில்லை, கணக்கிலிருந்து 1.86 கோடி ரூபாய் பல கணக்குகளுக்குப் பிரிந்து போயிருந்தது. செய்தியில் மிஸ்டு கால் தலைப்பாகிவிட்டது.

வேலையைச் செய்தது சிம் மாற்றம். இப்படி விடாமல் அழைப்பதற்கு ஒரு காரணம், தொல்லை தாங்காமல் நீங்கள் போனை அணைத்துவிட வேண்டும் என்பது. அணைத்த போனில் சிக்னல் போனது தெரியாது. ஆகவே அப்படி வந்தால் சைலன்ட்டில் போடுங்கள், ஸ்விட்ச் ஆஃப் செய்யாதீர்கள். காலையில் எழுந்ததும் சிக்னல் கோடுகளைப் பாருங்கள்.

சிக்னல் போய்விட்டது. மோசடியா, டவர் கோளாறா என்று எப்படித் தெரியும்?

போனை ஒரு முறை அணைத்துப் போடுங்கள். பக்கத்தில் அதே கம்பெனி சிம் வைத்திருப்பவருக்கு சிக்னல் இருக்கிறதா என்று கேளுங்கள். அவருக்கும் இல்லையென்றால் பெரும்பாலும் டவர் பிரச்சினை. அவருக்கு முழுசாக இருந்து, உங்கள் போன் மட்டும் `No service` என்றோ `Emergency calls only` என்றோ காட்டினால் கவலைப்பட வேண்டியதுதான்.

அப்புறம், இன்னொருவர் போனிலிருந்து உங்கள் நம்பருக்கே அழைத்துப் பாருங்கள். உங்கள் போனில் சிக்னல் இல்லை, ஆனால் அந்தப் பக்கம் ரிங் போகிறது என்றால் உங்கள் நம்பர் வேறு போனில் உயிரோடு இருக்கிறது. (கால் ஃபார்வேர்டிங் போட்டிருந்தாலும் ரிங் போகும். நீங்கள் போடவில்லை என்றால் அதுவும் நல்ல செய்தியில்லை.) ரிங் போகவில்லை என்பதால் மட்டும் நிம்மதியாகிவிட வேண்டாம். அவர் தன் போனை அணைத்து வைத்திருக்கலாம். கம்பெனியின் கஸ்டமர் கேரில் "என் நம்பருக்கு இன்று சிம் மாற்றம் அல்லது இ-சிம் கோரிக்கை வந்திருக்கிறதா?" என்று நேராகக் கேட்டால் பதில் கிடைக்கும்.

"உங்கள் சிம் மாற்றும் கோரிக்கை கிடைத்தது" என்று முன்கூட்டியே எஸ்எம்எஸ் அல்லது தானியங்கி அழைப்பு வந்திருக்கும். விளம்பர மெசேஜ்களுக்கு நடுவில் அது புதைந்துபோவதுதான் வழக்கம்.

சரி, மோசடிதான். முதலில் யாரைக் கூப்பிட வேண்டும்: கம்பெனியா, வங்கியா, போலீஸா?

வங்கி. சிம்மைத் திரும்ப வாங்குவது பிறகு. வீட்டில் இருக்கும் வேறு போனிலிருந்து, கார்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் கூப்பிட்டு, நெட் பேங்கிங், யுபிஐ, கார்டு எல்லாவற்றையும் முடக்கச் சொல்லுங்கள். "டெபிட் ஃப்ரீஸ்" என்று கேட்டால் கணக்கிலிருந்து பணம் வெளியே போவதையே நிறுத்திவிடுவார்கள். புகார் எண்ணை நேரத்தோடு எழுதி வையுங்கள். கூகுளில் தேடி எடுத்த கஸ்டமர் கேர் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம், அதிலும் போலிகள் உட்கார்ந்திருக்கின்றன.

அடுத்து கம்பெனியைக் கூப்பிட்டு நம்பரை முடக்கச் சொல்லுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே 1930. சைபர் குற்றத்துக்கான தேசிய உதவி எண் அது. நீங்கள் சொல்லும் விவரம் வங்கிகளுக்கு நேரடியாகப் போய், பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் இன்னும் மிச்சம் இருந்தால் அங்கேயே நிறுத்திவைப்பார்கள். அந்தப் பணம் ஒரு கணக்கில் நெடுநேரம் தங்காது, கணக்கு கணக்காகத் தாவிக்கொண்டே இருக்கும், கடைசியில் ஏடிஎம்மில் எடுத்துவிடுவார்கள். அதனால் புகாரை அழகாக எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் போன், எழுத்துப் புகாரை பிறகு `cybercrime.gov.in`-ல் பதியலாம்.

போன பணம் திரும்பக் கிடைக்குமா?

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ல் வெளியிட்ட சுற்றறிக்கைதான் இங்கே உங்கள் ஆயுதம். தவறு உங்களிடமும் இல்லை, வங்கியிடமும் இல்லை, இடையில் எங்கோ நடந்தது என்றால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்குப் பொறுப்பு இல்லை. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் உங்கள் தலையில். அதற்கு மேல் தாமதித்தால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. தகவல் கிடைத்த நாள் கணக்கில் சேராது. சனிக்கிழமை தெரிந்து, இடையில் விடுமுறை இல்லையென்றால் புதன் வரை நேரம். சொன்ன பிறகு 10 வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும்.

சிம் ஸ்வாப்பில் ஒரு சிக்கல் வரும். "எஸ்எம்எஸ் அனுப்பினோம், நீங்கள்தான் தாமதமாகச் சொன்னீர்கள்" என்று வங்கி சொல்லலாம். அந்த எஸ்எம்எஸ் போனது திருடன் கையில் இருந்த சிம்முக்கு. அதை எழுத்தில் சொல்லுங்கள், சிம் மாறிய தேதியும் நேரமும் எந்தக் கடையில் என்பதும் கம்பெனியிடமிருந்து எழுத்தில் கேட்டு வாங்கி இணையுங்கள். இந்தக் காகிதம்தான் வழக்கின் முதுகெலும்பு.

நீங்களே பாஸ்வேர்டு, பின், ஓடிபி கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும் வரை போனது உங்கள் நஷ்டம். ஆனால் சொன்ன பிறகும் பணம் போனால் அது வங்கியின் பொறுப்பு. ஏமாந்துவிட்டோமே என்று வெட்கப்பட்டு ஒரு மணி நேரம் தள்ளிப்போடுவது இதனால்தான் விலை அதிகம்.

வங்கியோ கம்பெனியோ கைவிரித்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி மாநில ஐ.டி. செயலாளர் முன் இழப்பீடு கேட்கலாம். 5 கோடி ரூபாய் வரையான கோரிக்கைகளை அவர் விசாரிக்க முடியும். மேலே சொன்ன ராஜஸ்தான் ஆளுக்கு 44 லட்சம் வரை திரும்பியது. மீதிக்காக அவர் போனது இந்த வழியில்தான். சரிபார்க்காமல் சிம் கொடுத்த தொலைத்தொடர்பு நிறுவனம் 27 லட்சத்துக்கும் மேல் கொடுக்க வேண்டும் என்று 2021-ல் உத்தரவு வந்தது. நான்கு வருடம் ஆனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சிம்முக்கு பின் நம்பர் போட்டால் போதுமா?

சிம் பின் வேறு திருட்டுக்கானது. போனைத் திருடி, உங்கள் சிம்மைக் கழற்றி வேறு போனில் போடுபவரை அது நிறுத்தும். சிம் மாற்று மோசடியில் அவர் கையில் இருப்பது புது சிம், உங்கள் பின் அங்கே கிடையாது. இருந்தாலும் போடுங்கள், நல்லதுதான்.

அப்படியானால் நம்பரை எப்படித்தான் பாதுகாப்பது?

சிம் மாறுவதை நீங்கள் முழுசாகத் தடுக்க முடியாது, அந்த முடிவு கடையில் நடக்கிறது. உங்களால் முடிந்தது இரண்டு: சிம் போனாலும் உங்களுக்குத் தகவல் வர வேண்டும், சிம்மை வைத்து எடுக்கக்கூடிய தொகை சிறியதாக இருக்க வேண்டும்.

தகவலுக்கு, வங்கியில் மின்னஞ்சல் அலர்ட்டையும் பதிவு செய்யுங்கள். வைஃபை இருந்தால் சிம் செத்தாலும் அது வரும். அந்த மின்னஞ்சலை மீட்கும் வழி அதே மொபைல் நம்பராக இருந்தால் பிரயோஜனமில்லை. எஸ்எம்எஸ் இல்லாமல் போனிலேயே குறியீட்டை உருவாக்கித் தரும் ஆதென்டிகேட்டர் ஆப் வைத்து, மீட்பு நம்பரை எடுத்துவிடுங்கள்.

தொகைக்கு, வங்கி ஆப்பில் ஒரு நாள் பரிமாற்ற வரம்பைக் குறையுங்கள். மாதம் 20,000 அனுப்புபவருக்கு 5 லட்சம் வரம்பு எதற்கு? நெட் பேங்கிங்கே பயன்படுத்தாத பெரியவர்களின் கணக்கில் அதை மூடிவிடச் சொல்லலாம். பெரிய டெபாசிட்டை அன்றாடக் கணக்கு இருக்கும் வங்கியிலிருந்து வேறு வங்கிக்கு மாற்றுவதும் நல்ல யோசனை. ஆன்லைனிலேயே டெபாசிட்டை உடைத்துப் பணம் எடுத்துவிடுகிறார்கள்.

வங்கிக்கென்று தனி நம்பர் வைப்பதைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். யாருக்கும் கொடுக்காத நம்பரைத் தேடி எடுப்பது கடினம் என்பது உண்மை. ஆனால் அந்த சிம்மை ஒரு மூலையில் கிடக்கும் பழைய போனில் போட்டு மறந்துவிட்டால், சிக்னல் போனதும் தெரியாது, ரீசார்ஜ் இல்லாமல் நம்பர் கைமாறிப்போனதும் தெரியாது. தினமும் பார்க்கும் போனில் இரண்டாவது சிம்மாக இருந்தால் மட்டும் சரி.

எங்கள் வீட்டு சிம் எல்லாம் அண்ணன் பெயரில் இருக்கிறது. பரவாயில்லையா?

மாற்றிவிடுங்கள். யார் பெயரில் சிம் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி மாற்று சிம் கேட்க முடியும். உங்கள் நம்பர் பறிபோனால், அண்ணன் துபாயில் இருந்துகொண்டு கடைக்கு எப்படி வருவார்? பழைய காலத்தில் கடைக்காரர் யாரோ ஒருவர் பெயரில் கொடுத்த சிம் என்றால் இன்னும் மோசம். உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்பதை `sancharsaathi.gov.in`-ல் ஓடிபி கொடுத்துப் பார்க்கலாம். உங்களுடையது இல்லாதவற்றை அங்கேயே புகார் செய்யலாம்.

சிம்மை மாற்றாமலேயே அழைப்புகளைத் திருப்பிவிடுகிறார்கள் என்கிறார்களே?

கூரியர்காரர் போலப் பேசி, `*401*` என்று தொடங்கி ஒரு மொபைல் நம்பரோடு முடியும் குறியீட்டை டயல் செய்யச் சொல்வார்கள். அது கால் ஃபார்வேர்டிங். குரல் வழி ஓடிபி அவருக்குப் போய்விடும். 2024 ஏப்ரல் 15 முதல் இப்படிக் குறியீடு மூலம் ஃபார்வேர்டிங் போடும் வசதியை நிறுத்தச் சொல்லி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. சந்தேகம் இருந்தால் `*#21#` டயல் செய்து பாருங்கள், ஏதாவது இருந்தால் `##002#` எல்லாவற்றையும் நீக்கிவிடும்.